இரவு ஷிப்டுக்குக் கையெழுத்துப் போடும் முன்: சென்னையில் வேலைக்குச் சேரும் பெண்களுக்கு

வேலையில் சேரும் நாளன்று கையில் கொடுக்கப்படும் காகிதக் கட்டில், பி.எஃப். நியமனப் படிவத்துக்கும் வங்கிக் கணக்குப் படிவத்துக்கும் நடுவில் ஒற்றைப் பக்கம் ஒன்று இருக்கும். "இரவு நேரத்தில் பணிபுரிய எனக்குச் சம்மதம்" என்று தொடங்கும். மற்றவற்றோடு சேர்த்து இதிலும் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். இரவு நேர வேலையில் வண்டி, பாதுகாப்பு, ஓய்வறை என்று சட்டம் உங்களுக்குத் தரும் எல்லாமே அந்த ஒரு தாளோடு கட்டுண்டவை. கையெழுத்துக்கு முன்பு கேட்டால் பேச்சுவார்த்தை. பின்பு கேட்டால் புகார். இரண்டுக்கும் ஆகும் நேரமும் அலைச்சலும் ஒன்றல்ல.

சோழிங்கநல்லூரில் மாலை 5.30 முதல் அதிகாலை 2.30 வரையிலான ஷிப்டில் சேர்ந்தபோது, அந்தத் தாளில் இருந்த ஒரு வரிக்காக நான் பட்ட பாடுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். ஐ.டி. நிறுவனங்கள், கால் சென்டர்கள், கடைகள் போன்ற இடங்களில் சேர்பவர்களுக்காகவே எழுதுகிறேன். தொழிற்சாலைக்கு நிபந்தனைகள் வேறு. அங்கே கேள்வி கேட்க வேண்டிய துறையும் வேறு.

1. உங்கள் அலுவலகம் எந்தச் சட்டத்தின் கீழ் வருகிறது என்று பாருங்கள்

அலுவலகங்களும் கடைகளும் 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் வருகின்றன. 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் கடைகளும் நிறுவனங்களும் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று 2019இல் தமிழக அரசு அரசாணை வெளியிட்டது. மூன்று ஆண்டுகளுக்கு என்று தரப்பட்ட அந்த அனுமதி 2022இலும் 2025இலும் நீட்டிக்கப்பட்டது.

அந்த அனுமதி நிபந்தனைகளோடு வந்தது. சாதாரணமாகப் பெண் ஊழியரை இரவு 8 மணிக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. அவர் எழுத்துமூலம் சம்மதம் தந்தால் மட்டும், இரவு 8 முதல் காலை 6 வரை வேலை தரலாம். அப்போதும் அவருடைய கண்ணியத்துக்கும் பாதுகாப்புக்கும் போதிய ஏற்பாடு இருக்க வேண்டும். ஷிப்டில் வேலை செய்யும் பெண்களுக்கு வாகன வசதி செய்துதர வேண்டும். அந்த வசதி இருக்கிறது என்ற அறிவிப்பை நிறுவனத்தின் பிரதான வாசலில் வைக்க வேண்டும். ஓய்வறை, கழிவறை, பொருட்களைப் பத்திரமாக வைக்க லாக்கர் ஆகியவை வேண்டும். பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்க உள்ளகப் புகார்க் குழு வேண்டும்.

இரவில் அலுவலகத்தைத் திறந்து வைக்கும் அனுமதியே இந்த நிபந்தனைகளின் பேரில்தான் நிற்கிறது. ஆகவே வண்டியைப் பற்றிக் கேட்கும்போது நீங்கள் சலுகை கேட்கவில்லை. நிறுவனம் தன் அனுமதியைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்ய வேண்டியதைத்தான் கேட்கிறீர்கள். இந்தத் தொனியில் கேட்டால் பதிலும் வேறு மாதிரி வரும்.

இதோடு, மத்திய அரசின் 2020ஆம் ஆண்டு தொழில் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிச்சூழல் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதன் 43ஆவது பிரிவு, மாலை 7 மணிக்கு மேலும் காலை 6 மணிக்கு முன்பும் வேலை தரப் பெண்ணின் சம்மதம் தேவை என்கிறது. மாநில அரசாணையில் 8 மணி, மத்திய சட்டத்தில் 7 மணி. இந்த ஒரு மணி நேர வேறுபாட்டை வைத்து யாரும் குழப்பாமல் இருக்க, உங்கள் சம்மதக் கடிதத்தில் 7 மணி என்றே எழுதிவிடுங்கள்.

2. நேர்காணலுக்குப் போகும் நாளிலேயே வாசலைப் பாருங்கள்

இதற்குச் செலவில்லை, யாரிடமும் அனுமதி கேட்கவும் வேண்டாம். வரவேற்பறையில் காத்திருக்கும் நேரம் போதும். இரண்டு அறிவிப்புகளைத் தேடுங்கள்.

ஒன்று, வாகன வசதி பற்றிய அறிவிப்பு. ஐ.டி. பூங்காக்களில் பிரதான வாசல் என்பது பூங்காவின் பொது வாசலா, நிறுவனம் இருக்கும் தளத்தின் வாசலா என்று தெரியாமல் சிலர் பொது வாசலில் தேடிவிட்டு இல்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். தளத்தின் கதவருகே, அடையாள அட்டையைத் தேய்க்கும் இயந்திரத்தின் பக்கம் பாருங்கள்.

இன்னொன்று, உள்ளகப் புகார்க் குழுவை அமைத்த ஆணை. அது கண்ணில் படும்படி இருக்க வேண்டும் என்பது 2013ஆம் ஆண்டு பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தின் கட்டளை. குழுவின் தலைவர் மூத்த நிலையில் இருக்கும் பெண்ணாக இருக்க வேண்டும். உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும். வெளியிலிருந்து ஒருவர் இருக்க வேண்டும். பட்டியலில் இருக்கும் தலைவர் வேலையை விட்டுப் போய் வெகு காலம் ஆகியிருந்தால், அந்த நிறுவனத்தில் மற்ற ஏற்பாடுகள் எப்படி இருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

3. சம்மதக் கடிதத்தை நீங்களே எழுதுங்கள்

சட்டம் கேட்பது உங்கள் எழுத்துமூலமான சம்மதத்தை. அதை நிறுவனத்தின் அச்சடித்த படிவத்தில்தான் தர வேண்டும் என்று இல்லை. படிவம் நியாயமாக இருந்தால் போடுங்கள். இல்லையென்றால், உங்கள் சொற்களில் எழுதிக் கொடுங்கள்.

படிவத்தில் பெரும்பாலும் மூன்று இடங்களில் கண்ணி இருக்கும். "பயணம் என் சொந்தப் பொறுப்பு" அல்லது "நிறுவனத்தின் பயணக் கொள்கைக்கு உட்பட்டு" என்ற வரி முதலாவது. இரண்டாவது, "நிறுவனம் அவ்வப்போது மாற்றும் எந்த ஷிப்டிலும்" என்ற சொற்கள். மூன்றாவது, சம்மதத்தைத் திரும்பப் பெறுவது பற்றிய மௌனம்.

என் படிவத்தில் இருந்தது பயணக் கொள்கை பற்றிய வரி. அந்தக் கொள்கையைக் கேட்டு வாங்கிப் படித்தபோதுதான் விஷயம் புரிந்தது. அலுவலகத்திலிருந்து இத்தனை கிலோமீட்டர் என்று ஓர் எல்லை வைத்திருந்தார்கள். என் வீடு குன்றத்தூரில். அது எல்லைக்கு வெளியே. அப்படிப்பட்டவர்களை வழியில் ஒரு பொது இடத்தில் இறக்கிவிடுவார்களாம், என் விஷயத்தில் பல்லாவரம் பஸ் நிறுத்தத்தில். 2.30க்கு வேலை முடிந்து, மேடவாக்கம் வழியாக வண்டி பல்லாவரம் வந்து சேரும் நேரத்தில் குன்றத்தூருக்குப் பஸ் கிடையாது. ஆக, காகிதத்தில் வாகன வசதி இருக்கிறது, நான் மட்டும் நடுச்சாலையில் நிற்பேன்.

ஹெச்.ஆர். பிரிவில் நேரில் கேட்டேன். "எல்லாரும் போட்டுத் தந்திருக்கிறார்கள்" என்றார்கள். போனில் கேட்டேன், அதே பதில். பிறகு மின்னஞ்சலில் இரண்டே கேள்விகள் அனுப்பினேன். அதிகாலை 2.30க்கு வேலை முடியும் ஊழியரை வீட்டு வாசல் வரை கொண்டு சேர்க்கும் பொறுப்பு நிறுவனத்துடையதா? 24 மணி நேர அனுமதியின் நிபந்தனைப்படி வாசலில் வைக்க வேண்டிய வாகன வசதி அறிவிப்பில் இந்த எல்லை குறிப்பிடப்பட்டிருக்கிறதா? எழுத்தில் பதில் வரவில்லை, ஆனால் அழைத்துப் பேசினார்கள். அனகாபுத்தூரில் இறங்கும் இன்னொரு ஊழியரின் வண்டியையே குன்றத்தூர் வரை நீட்டித்து, படிவத்துக்குப் பதில் என் கடிதத்தை வாங்கிக்கொண்டார்கள். அவர்களுக்கு அதில் கூடுதலாக ஆனது சில கிலோமீட்டர் வாடகை. இதற்காகவா இத்தனை இழுபறி என்று எனக்கு இன்றும் எரிச்சல் உண்டு.

கடிதத்தின் நடுப்பகுதி இப்படி இருந்தது. ஊரையும் நேரத்தையும் மாற்றி நீங்கள் பயன்படுத்திக்கொள்ளலாம்:

"மாலை 5.30 – அதிகாலை 2.30 ஷிப்டில், இரவு 7 மணிக்கு மேல் வரும் நேரத்திலும் பணிபுரியச் சம்மதிக்கிறேன். அலுவலகத்திலிருந்து குன்றத்தூரில் உள்ள என் வீட்டு வாசல் வரை நிறுவனமே வாகன வசதி செய்துதரும் என்பதன் பேரில் இந்தச் சம்மதம் தரப்படுகிறது. வண்டியில் கடைசியாக இறங்கும் பெண் நானாக இருக்கும் நாட்களில் பாதுகாவலர் ஒருவர் உடன் வருவார். வேறு ஷிப்டுக்கு மாற்றினால் புதிதாகச் சம்மதம் பெறப்படும். 30 நாள் எழுத்துமூல அறிவிப்பு தந்து இந்தச் சம்மதத்தை நான் திரும்பப் பெறலாம். வாகன வசதி நிறுத்தப்பட்டால் அன்றே சம்மதம் முடிவுக்கு வரும்."

இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றில் "பெற்றுக்கொண்டோம்" என்று தேதியோடு கையெழுத்தும் முத்திரையும் வாங்கி வீட்டில் வையுங்கள். முத்திரை தர மறுத்தால், அதே கடிதத்தை உங்கள் சொந்த மின்னஞ்சலிலிருந்து ஹெச்.ஆர். முகவரிக்கு அனுப்பிவிடுங்கள். முத்திரைத்தாளோ நோட்டரியோ தேவையில்லை. அதற்குப் பணம் கேட்கும் இடைத்தரகர் யாராக இருந்தாலும் நகர்ந்துவிடுங்கள்.

4. வண்டி: எது சட்டம், எது நிறுவனத்தின் வழக்கம்

இந்தக் கோட்டைத் தெரிந்துவைத்துக்கொள்வது மிக முக்கியம். அரசாணை சொல்வது வாகன வசதி, போதிய பாதுகாப்பு ஆகிய இரண்டை மட்டும். பெண் முதலில் ஏறவோ கடைசியில் இறங்கவோ கூடாது, அப்படி நேர்ந்தால் பாதுகாவலர் வர வேண்டும் என்பவை பெரிய நிறுவனங்கள் பின்பற்றும் பயணக் கொள்கையின் விதிகள். உங்கள் நிறுவனத்தின் கொள்கையில் அது இல்லையென்றால் "சட்டத்தில் இருக்கிறதே" என்று வாதிட்டுத் தோற்காதீர்கள். "போதிய பாதுகாப்பு என்று அரசாணை சொல்வதை நீங்கள் எப்படி நிறைவேற்றுகிறீர்கள்?" என்று கேளுங்கள். அதனால்தான் பாதுகாவலர் வரியை என் கடிதத்திலேயே சேர்த்தேன். கடிதத்துக்குள் வந்துவிட்டால் அது நிறுவனம் எனக்குத் தந்த வாக்கு.

வண்டி வந்ததும் நம்பர் பலகையின் நிறத்தைப் பாருங்கள். வாடகை வண்டி என்றால் மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து. மின்சார வாடகை வண்டி என்றால் பச்சைப் பலகையில் மஞ்சள் எழுத்து. வெள்ளைப் பலகை வந்தால் அது சொந்த உபயோகத்துக்குப் பதிவான வண்டி. மாதக் கடைசியில் வண்டிக்குத் தட்டுப்பாடு வரும்போது டிராவல்ஸ்காரர்கள் தெரிந்தவர்களின் காரை அனுப்புவது நடக்கும். சொந்த வண்டியை வாடகைக்கு ஓட்டும்போது விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் சிக்கல் செய்யும். ஏறாமல் டிரான்ஸ்போர்ட் பிரிவை அழைத்து வேறு வண்டி கேளுங்கள். உங்கள் அழைப்பே அன்றைய பதிவாகவும் நிற்கும்.

சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இ.எஸ்.ஐ. பிடித்தம் இருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையிலான பயணத்தில் நேரும் விபத்தும், அந்தப் பயணத்துக்கும் வேலைக்கும் தொடர்பு நிறுவப்பட்டால், வேலை சார்ந்த விபத்தாகக் கருதப்படும். அந்தத் தொடர்பைக் காட்டுவது ரோஸ்டரும் வண்டிப் பதிவும்தான். வழியில் இறங்கி வேறு வண்டி பிடித்துப் போகும் பழக்கம் இருந்தால் அங்கேதான் கேள்வி வரும்.

வண்டிக்குச் சம்பளத்தில் பிடித்தம் உண்டா என்பதைச் சேரும் முன்பே மின்னஞ்சலில் கேட்டு வையுங்கள். மாதச் சம்பளத்தை மட்டும் சொல்லிவிட்டு, முதல் பே-ஸ்லிப்பில் போக்குவரத்து என்று ஒரு தொகையைக் கழிக்கும் இடங்கள் இருக்கின்றன.

5. நேரமும் வசதிகளும்

வேலை நேரம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. ஓவர்டைம் சேர்த்தாலும் நாளுக்குப் பத்தரை மணி, வாரத்துக்கு 57 மணிக்கு மேல் போகக் கூடாது என்று அதே அரசாணை சொல்கிறது. ஓவர்டைம் தொகையும் சம்பளத்தோடு வங்கிக் கணக்கில் வர வேண்டும். "கேப் 4 மணிக்குத்தான், அதுவரை இந்த வேலையைப் பாருங்கள்" என்று சொல்லும் டீம் லீடர் எல்லா அலுவலகத்திலும் ஒருவர் இருப்பார். வண்டிக்காகக் காத்திருக்கும் நேரத்தில் வேலை வாங்கினால் அது ஓவர்டைம். வெளியேறும்போது அட்டை தேய்த்த நேரத்தைக் குறித்து வையுங்கள்.

பல தளங்களில் கைபேசியை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அதனால் படம் பிடித்து வைப்பதெல்லாம் நடக்காது. வீட்டில் ஒரு சின்ன நோட்டு போதும்: தேதி, வெளியேறிய நேரம், வண்டி எண், இறங்கிய நேரம். அன்றன்றைக்கு எழுதியிருந்தால் அதற்கு மதிப்பு உண்டு.

ஓய்வறை, கழிவறை விஷயத்தில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இரவில் திறந்திருக்கிறதா? பகலில் காட்டும் ஓய்வறையை இரவில் பூட்டி, சாவி நிர்வாகப் பிரிவில் இருக்கிறது என்று சொல்வார்கள். நிர்வாகப் பிரிவு மாலையே கிளம்பிப் போயிருக்கும். ஜவுளிக்கடை, நகைக்கடை போன்ற இடங்களில் நிற்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் மாநிலச் சட்டத்தில் சேர்த்த விதி இரவு ஷிப்டுக்கும் பொருந்தும்.

6. தவறு நடந்தால் எங்கே, எதைக் கொண்டு போவது

உயிருக்கு ஆபத்து என்றால் 112. ஆலோசனைக்கும் உதவிக்கும் பெண்கள் உதவி எண் 181. இவற்றை வண்டி ஏறும் முன்பே கைபேசியில் போட்டு வையுங்கள்.

வண்டியில் நடந்த பாலியல் சீண்டல் "அலுவலகத்துக்கு வெளியே நடந்தது" என்று சொல்லித் தட்டிக்கழிக்க முடியாது. நிறுவனம் ஏற்பாடு செய்த வாகனமும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பணியிடம்தான். ஓட்டுநர் டிராவல்ஸ் ஆள், எங்கள் ஊழியர் இல்லை என்பதும் பதில் ஆகாது. வெளியாள் என்றாலும் குற்ற வழக்குத் தொடர நிறுவனம் துணை செய்ய வேண்டும். சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் எழுத்துமூலம் புகார் தர வேண்டும். தாமதத்துக்குக் காரணம் இருந்தால் குழு இன்னும் 3 மாதம் வரை நீட்டிக்கலாம். ஆதாரங்களோடு ஆறு பிரதிகள் கேட்பார்கள், கட்டணம் இல்லை. விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். அறிக்கை அதிலிருந்து 10 நாளில், அதன் மீதான நடவடிக்கை 60 நாளில். விசாரணை நடக்கும்போதே வேறு இடத்துக்கு மாற்றச் சொல்லியோ 3 மாதம் வரை விடுப்பு கேட்டோ மனுக் கொடுக்கலாம்.

பத்துப் பேருக்குக் குறைவான இடம் என்றாலோ, புகாரே முதலாளி மீது என்றாலோ மாவட்டத்தில் உள்ள உள்ளூர் புகார்க் குழுவிடம் போக வேண்டும். பழைய மகாபலிபுரம் சாலையில் வேலை செய்பவர்கள் இங்கே கவனிக்க வேண்டும். பெருங்குடி, சோழிங்கநல்லூர் சென்னை மாவட்டம். நாவலூர், சிறுசேரி செங்கல்பட்டு மாவட்டம். மாவட்டம் மாற்றிக் கொடுத்தால் மனு சுற்றிக்கொண்டே இருக்கும்.

வண்டி இல்லை, சம்மதம் வாங்காமல் இரவு ஷிப்ட் போடுகிறார்கள், ஓய்வறை இல்லை என்பவை தொழிலாளர் துறைக்குப் போக வேண்டியவை. தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் தொழிலாளர் ஆணையர் அலுவலகம் இருக்கிறது. உங்கள் பகுதிக்கான ஆய்வாளர் எங்கே உட்கார்கிறார் என்று அங்கே விசாரிக்கலாம். labour.tn.gov.in தளத்திலும் பார்க்கலாம். கொண்டுபோக வேண்டியவை: பணி நியமனக் கடிதம், சம்மதக் கடிதத்தின் பிரதி, ரோஸ்டர், கடைசி பே-ஸ்லிப்புகள், உங்கள் நோட்டின் நகல், நிறுவனத்துக்கு நீங்கள் அனுப்பிய மின்னஞ்சல். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரை வாங்குங்கள், அல்லது ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். மனுவின் கதி தெரியாவிட்டால் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். ஆய்வுக்கு வருபவர் முதலில் வாசல் அறிவிப்பைத்தான் பார்ப்பார். ஆகவே மனுவில் முதல் குறையாக அதையே எழுதுங்கள்.

இரவு ஷிப்டுக்குச் சம்மதம் தராததற்காகவோ, தந்ததைத் திரும்பப் பெற்றதற்காகவோ வேலையை விட்டு அனுப்பினால், ராஜினாமாக் கடிதம் மட்டும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். "ராஜினாமா செய்தால் அனுபவச் சான்றிதழ் சுத்தமாக வரும்" என்று ஆசை காட்டுவார்கள். தொடர்ந்து ஆறு மாதம் வேலை செய்தவரை நியாயமான காரணமும் ஒரு மாத அறிவிப்போ அதற்கு ஈடான சம்பளமோ இல்லாமல் நீக்க முடியாது என்று கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41ஆவது பிரிவு சொல்கிறது. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது. மற்றவர்கள், நீக்கிய ஆணை கைக்கு வந்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். நாள் கணக்கு ஆணை கிடைத்த தேதியிலிருந்துதான் தொடங்குகிறது. தபாலில் வந்தால் உறையையும், மின்னஞ்சலில் வந்தால் தேதி தெரியும் பக்கத்தையும் அச்செடுத்து மனுவோடு இணையுங்கள்.